நியர் மிஸ் கார்டுகளிலிருந்து இடம், வகை, எண்ணிக்கை எடுப்பது எப்படி: சேஃப்டி கமிட்டிக்குப் போகும் புதியவர்களுக்கு

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேஃப்டி பிரிவுக்கு மாற்றப்பட்ட முதல் வருடம், கமிட்டிக் கூட்டத்துக்கு ஒரு வட்டப்படம் போட்டுக்கொண்டு போனேன். "நியர் மிஸ்ஸுக்குக் காரணம்: கவனக்குறைவு 62 சதவீதம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. தொழிலாளர் தரப்பில் வந்திருந்த ஒரு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "சரிங்க, இது எந்த இடத்துல நடக்குது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நூலிழையில் தப்பிய சம்பவங்களைத் தொழிலாளர்கள் எழுதிப் போட்ட கார்டுகள் எல்லாம் என் மேஜையில்தான் இருந்தன, பதிலும் அவற்றில்தான் இருந்தது. ஆனால் அதை எடுக்கத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதக் கார்டுகளை முதலிலிருந்து பிரித்தேன். எங்கெங்கே தவறினேன் என்பதையும் சேர்த்து இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கணினியில் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். எக்செல் போதும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸும் போதும். செலவு என்று பார்த்தால் உங்கள் நேரம்தான். ஒரு கார்டைப் படித்து, புரிந்து, பதிவு செய்ய நாலு நிமிடம் ஆகும். என்னிடம் இருந்தது 214 கார்டு. பதினாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூட்டத்துக்கு முந்தைய நாள் ஆரம்பித்தால் முடியாது. குறைந்தது மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள்.

## 1. முதலில் நாலு காகிதங்களைக் கையில் வாங்குங்கள்

கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதியில் நிற்பீர்கள். கூடவே மூன்று ஆவணங்கள் வேண்டும்.

ஒன்று, பிளான்ட் லேஅவுட் படம். மெயின்டனன்ஸ் அல்லது பிராஜெக்ட் ஆட்களிடம் இருக்கும். தூண் எண்கள் போட்ட படமாகக் கேளுங்கள், வெறும் கட்டட எல்லை மட்டும் உள்ள படம் உதவாது. இரண்டாவது, டைம் ஆபீஸிலிருந்து பிரிவு வாரியாக மாதாந்திர வேலை மணிக்கணக்கு. மூன்றாவது, காண்ட்ராக்ட் ஆட்களின் மஸ்டர். இது தனியாக ஒவ்வொரு காண்ட்ராக்டரிடமும் வாங்க வேண்டியிருக்கும். எனக்கு இதை வாங்கவே ஒன்பது நாள் ஆனது. அதனால் முதல் நாளே கேட்டு வைத்துவிடுங்கள். இது எதற்கு என்பது ஆறாம் படியில் வரும்.

கார்டுகளை ஒரே குவியலாகச் சேருங்கள். பெட்டியில் போட்டவை, சூப்பர்வைசர் டைரியில் செருகி வைத்தவை, வாட்ஸ்அப் குழுவில் படமாக வந்தவை, எல்லாம். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் வரிசை எண் போடுங்கள். இந்த எண்தான் பிறகு எக்செல் வரிசைக்கும் கார்டுக்கும் பாலம். யாராவது "இது எப்படி அந்தக் கணக்கில் வந்தது?" என்று கேட்டால், கார்டை எடுத்துக் காட்ட முடியும்.

எங்களிடம் முப்பதுக்கு மேற்பட்ட கார்டுகள் ஹிந்தியில் இருந்தன. அவற்றைக் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். எழுதியவர் யார் என்று கையெழுத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். வேறு பிரிவில் வேலை செய்யும், ஹிந்தி தெரிந்த ஒருவரை வைத்துப் படியுங்கள்.

## 2. நியர் மிஸ் அல்லாததைத் தனியே எடுத்து வையுங்கள்

பெட்டிக்குள் வருவதெல்லாம் நியர் மிஸ் இல்லை. நான் வைத்துக்கொண்ட சோதனை எளிமையானது: ஏதாவது ஒன்று உண்மையிலேயே நடந்ததா? நடந்தும் யாருக்கும் அடிபடவில்லையா? இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் நியர் மிஸ்.

"வெல்ட் ஷாப்பில் ஒருவர் கண்ணாடி போடவில்லை" என்பதில் எதுவும் நடக்கவில்லை. அது பாதுகாப்பற்ற செயல், வேறு கணக்கு. "ஸ்லிங் நழுவி டை ஒரு அடி இறங்கியது, பக்கத்தில் யாரும் இல்லை" என்பது நியர் மிஸ். "ஷீட் விரலைக் கிழித்தது, பிளாஸ்டர் போட்டேன்" என்பது முதலுதவி கேஸ், அது அடிபட்டவர்கள் பதிவேட்டுக்குப் போக வேண்டும்.

என்னுடைய 214 கார்டும் இப்படிப் பிரிந்தன: நியர் மிஸ் 121, பாதுகாப்பற்ற செயலும் நிலையும் 76, முதலுதவி 9, ஒரே நிகழ்வை இரண்டு பேர் எழுதியது 7, மீதி ஒன்று. முதல் முறை நான் போட்ட வட்டப்படத்தில் இவை எல்லாம் கலந்து கிடந்தன. கவனக்குறைவு 62 சதவீதம் வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அந்த மீதி ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரேனின் கம்பிக் கயிறு அறுந்து சுமை கீழே விழுந்த சம்பவம் அது. யாருக்கும் அடி இல்லை, அதனால் எழுதியவர் நியர் மிஸ் கார்டில் எழுதிப் போட்டுவிட்டார். ஆனால் தொழிற்சாலைச் சட்டம் 1948-இன் 88ஏ பிரிவு, விதிகளில் குறிப்பிட்ட அபாயகரமான நிகழ்வுகளை, உடலில் காயம் ஏற்பட்டாலும் ஏற்படாவிட்டாலும், அரசுக்கு அறிவிக்கச் சொன்னது. நவம்பர் 2025 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த 2020-இன் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கடமை இருக்கிறது. தூக்கும் சாதனம் உடைவது, அழுத்தக் கலன் வெடிப்பது, தீ, வெடிப்பு மாதிரி ஏதாவது கார்டில் கண்ணில் பட்டால், அன்றைக்கே உங்கள் சேஃப்டி ஆபீசரிடமும் ஃபேக்டரி மேனேஜரிடமும் கொண்டுபோய்க் கொடுங்கள். மாதக் கடைசிக் கணக்கு வரை காத்திருக்க வேண்டிய காகிதம் இல்லை அது.

## 3. இடத்துக்கு ஒரே பெயர், அதுவும் தூண் எண்ணோடு

கார்டில் இடம் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருந்தது தெரியுமா? "டிஸ்பாட்ச்", "டெஸ்பாச் கேட்", "லோடிங் பக்கம்", "கேன்டீன் போற வழி", "பின் அடுக்கி வச்சிருக்கிற இடம்". பின் என்றால் இங்கே இரும்புத் தொட்டி. ஐந்தும் ஒரே இடம். எக்செல்லுக்கு அது ஐந்து இடம். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று என்று சிதறி, எந்தப் பட்டியலிலும் மேலே வராமல் ஒளிந்துகொள்கிறது.

லேஅவுட் படத்தை மேஜையில் விரியுங்கள். பிரிவு, தூண் என்று இரண்டு அடுக்கில் குறியீடு போடுங்கள். டிஸ்பாட்ச் பிரிவில் C7 தூணுக்குப் பக்கம் என்றால் `D-C7`. பிரஸ் ஷாப்பில் B3 என்றால் `P-B3`. தூண்களில் ஏற்கெனவே பெயின்ட்டில் எண் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். இனி கார்டு எழுதுபவரும் நிமிர்ந்து பார்த்து எண்ணை எழுதிவிடுவார்.

பழைய கார்டில் தூண் எண் இருக்காது. படத்தோடு ஷாப்புக்குள் நடந்து போய், "இந்த இடம் எது?" என்று கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். எழுதியவரைத் தேடாதீர்கள், அந்த இடத்தில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு மதியம் முழுக்க நடந்தால் முடிந்துவிடும். அப்படியும் தெரியாத கார்டுக்குப் பிரிவை மட்டும் எழுதி, தூணைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடம் என்பது சம்பவம் நடந்த இடம். எழுதியவரின் பிரிவு இல்லை. வெல்ட் ஷாப் ஆள் ஒருவர் கேன்டீனுக்குப் போகும் வழியில் ஃபோர்க்லிஃப்ட்டிடமிருந்து தப்பினால், கார்டின் மேலே "பிரிவு: வெல்ட் ஷாப்" என்றுதான் இருக்கும். அதை அப்படியே பதிவு செய்தால், டிஸ்பாட்ச் வாசலில் நடப்பது வெல்ட் ஷாப் கணக்கில் ஏறும். எனக்கு அப்படி நாலு கார்டு ஏறியிருந்தது.

## 4. வகை பிரிக்கும்போது "ஏன்" என்று கேட்காதீர்கள்

இதுதான் இந்த வேலையின் நடுப்பகுதி, இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். கார்டு எழுதுபவர் காரணத்தை எழுதுவார்: அவசரம், கவனக்குறைவு, பயிற்சி இல்லை. அதை வகையாக எடுத்துக்கொண்டால் எல்லாச் சம்பவமும் மனிதர் மேல் பழியாக முடியும். கமிட்டி "பயிற்சி கொடுங்கள்" என்று மினிட்ஸ் எழுதிக் கலைந்துவிடும்.

ஒவ்வொரு கார்டிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: அந்த ஆள் ஒரு அடி தள்ளி நின்றிருந்தால், அல்லது ஒரு நொடி தாமதித்திருந்தால், அவர் உடம்பை எது தொட்டிருக்கும்? வண்டி தொட்டிருக்குமா, மேலிருந்து விழும் பொருளா, ஓடும் இயந்திரமா, மின்சாரமா, சூடா, ரசாயனமா? அல்லது அவரே வழுக்கியோ உயரத்திலிருந்தோ விழுந்திருப்பாரா? அதுதான் வகை. எங்களுக்கு ஒன்பது வகையும், "மற்றவை" என்ற ஒன்றும் போதுமாக இருந்தன. மற்றவை பத்தில் ஒன்றைத் தாண்டினால் பட்டியலில் ஏதோ ஒரு வகை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கார்டுகளை மறுபடி எடுத்துப் படியுங்கள்.

ஒரு கார்டை அப்படியே காட்டுகிறேன்: "மதியம் ஷிஃப்ட் மாறும்போது கேன்டீன் வழியா வந்தேன். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கவனம் இல்லாம பின் அடுக்குக்குப் பின்னால இருந்து வந்துட்டார். நான் சுவரோட ஒட்டிக்கிட்டேன்."

கார்டில் தடித்து நிற்கும் சொல் "கவனம் இல்லாம". ஆனால் உடம்பைத் தொட்டிருக்கக்கூடியது வண்டி. எனவே வகை: வண்டி. இடம்: `D-C7`. இன்னொன்றையும் கவனியுங்கள், "பின் அடுக்குக்குப் பின்னால இருந்து" என்று எழுதியிருக்கிறார். இரும்புத் தொட்டிகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்ததால், இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியவில்லை. டிரைவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பார்த்திருக்க முடியாது. அதனால்தான் கார்டில் உள்ள வார்த்தைகளை மாற்றாமல் அப்படியே எழுத ஒரு தனிப் பத்தி வைக்கச் சொல்கிறேன். வகைக்குள் அடங்காத உண்மை அந்த வார்த்தைகளில்தான் இருக்கும்.

வகைக்குப் பக்கத்திலேயே கடுமை என்று இன்னொரு பத்தி: எவ்வளவு மோசமாகப் போயிருக்கும்? உயிர் போகலாம் அல்லது உறுப்பு போகலாம் என்றால் "அ". வேலைக்கு வர முடியாத காயம் என்றால் "ஆ". முதலுதவியோடு முடியும் என்றால் "இ". அளவுக்கு மீறிக் கற்பனை செய்ய வேண்டாம். எண்ணெயில் வழுக்கினால் தலை மோதி இறக்கலாம்தான், ஆனால் அப்படிப் பார்த்தால் எல்லாமே "அ" ஆகிவிடும். இயல்பாக நடக்கக்கூடியதில் மோசமானது எதுவோ அதை எழுதுங்கள்.

முழுவதையும் பதிவு செய்வதற்கு முன், முப்பது கார்டை எடுத்து நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாக வகை போட்டுப் பாருங்கள். தொழிலாளர் பிரதிநிதி ஒருவரே அந்த இன்னொருவராக இருந்தால் மிக நல்லது. எங்களுக்கு முப்பதில் 21 மட்டுமே ஒத்துப்போயின. ஒத்துப்போகாதவற்றில் பெரும்பாலானவை ஒரே சிக்கல்: ஃபோர்க்லிஃப்ட்டின் முள்ளிலிருந்து பின் சரிந்து விழுந்தால் அது வண்டியா, விழும் பொருளா? உட்கார்ந்து பேசி, "உடம்பைத் தொட்டிருக்கக்கூடியது பின், எனவே விழும் பொருள்" என்று ஒரு வரி எழுதி வைத்தோம். அடுத்த முப்பதில் 27 ஒத்துப்போயின. அந்த விதித்தாளை ஃபைலில் வையுங்கள். அடுத்த வருடம் உங்கள் இடத்துக்கு வருபவர் வேறு மாதிரிப் பிரித்தால், ஏற்ற இறக்கம் எல்லாம் பிரித்தவரின் ஏற்ற இறக்கமாகிவிடும்.

## 5. எக்செல்லில் ஏற்றுதல்

ஒரு கார்டுக்கு ஒரு வரிசை. பத்திகள்: கார்டு எண், தேதி, ஷிஃப்ட், நேரம், இடம், வகை, கடுமை, கார்டின் வார்த்தைகள். எழுதியவர் பெயர் இந்தத் தாளில் வரவே கூடாது. பெயர் கார்டில் இருக்கட்டும், கார்டு பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

இடத்தையும் வகையையும் தட்டச்சு செய்யாதீர்கள். Data Validation-இல் பட்டியல் போட்டு, அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். தேதிதான் அதிகம் ஏமாற்றும். மார்ச் 5 என்று நினைத்து 05/03 என்று அடித்தால், சில கணினிகளில் அது மே 3 ஆகிவிடும். சிலவற்றில் தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் ஒரு காலிப் பத்தியில் இதைப் போட்டு இழுத்துப் பாருங்கள். FALSE வரும் வரிசையெல்லாம் எழுத்தாக ஏறியவை:

```
=ISNUMBER(B2)
```

மாதம் மாறி ஏறியதை இது பிடிக்காது. அதற்குத் தேதிப் பத்தியில் மாதப் பெயர் தெரியும்படி அமைத்துவிட்டு, கார்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சி ஷிஃப்ட்டில் நள்ளிரவு தாண்டி நடந்ததற்கு எந்தத் தேதி? ஷிஃப்ட் தொடங்கிய தேதியை எழுதுவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி வரை ஒன்றாகவே இருக்கட்டும்.

ஏற்றி முடித்ததும் PivotTable ஒன்று போட்டு, இடத்தைக் கீழ்நோக்கியும் வகையைக் குறுக்காகவும் வையுங்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் இந்தச் சூத்திரம் போதும். கார்டுகளை ஏற்றிய தாளின் பெயர் Data, E பத்தியில் இடம், F பத்தியில் வகை என்று வைத்திருக்கிறேன். லிப்ரே ஆபீஸில் என்றால் Data-வுக்குப் பின் வரும் ! குறிக்குப் பதில் புள்ளி போடுங்கள்:

```
=COUNTIFS(Data!E:E,"D-C7",Data!F:F,"வண்டி")
```

## 6. எண்ணிக்கையை மணிக்கணக்கால் வகுங்கள்

என் 121 நியர் மிஸ்ஸும் இப்படி வந்தன: பிரஸ் ஷாப் 41, வெல்ட் ஷாப் 27, டிஸ்பாட்ச் 18, டூல் ரூம் 14, ஸ்டோர்ஸ் 12, மற்ற இடங்கள் 9. இதைப் பார்த்தால் பிரஸ் ஷாப்தான் மோசம் என்று தோன்றும். ஆனால் பிரஸ் ஷாப்பில் நூறு பேர் வேலை செய்கிறார்கள். ஆறு மாதத்தில் 1,20,000 மணி நேரம். டிஸ்பாட்சில் அவ்வளவு பேர் கிடையாது.

காயங்களுக்கான விகிதத்தைப் பத்து லட்சம் மணி நேரத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவதுதான் நம் நாட்டு வழக்கம், ஐஎஸ் 3786 சொல்வதும் அதுதான். ஆனால் பிரிவுகளுக்கிடையே நியர் மிஸ்ஸை ஒப்பிடும்போது பத்தாயிரம் மணி நேரத்துக்கு எத்தனை என்று பார்த்தால் எண் சின்னதாக, பேசத் தோதாக இருக்கும். பிரஸ் ஷாப்: 41-ஐ 12-ஆல் வகுத்தால் 3.4.

டிஸ்பாட்சில் நான் தடுமாறினேன். டைம் ஆபீஸ் தந்த கணக்கில் அங்கே 7,200 மணி நேரம்தான் இருந்தது. 18-ஐ 0.72-ஆல் வகுத்தால் 25 வந்தது. பிரஸ் ஷாப்பைவிட ஏழு மடங்கு! சந்தோஷமாகக் கூட்டத்துக்குக் கொண்டுபோயிருப்பேன், நல்லவேளை ஸ்டோர்ஸில் ஒருவர், "டிஸ்பாட்ச்ல நிரந்தர ஆளு ஆறு பேருதானே, லோடிங் பசங்களைச் சேத்தீங்களா?" என்று கேட்டார். காண்ட்ராக்ட் ஆட்கள் 14 பேர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. மஸ்டர் வந்த பிறகு மொத்தம் 24,000 மணி நேரம் ஆனது. விகிதம் 7.5. இதுவும் பிரஸ் ஷாப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் இது நிற்கக்கூடிய எண். 25 என்று சொல்லியிருந்தால் டிஸ்பாட்ச் மேனேஜர் ஒரு நிமிடத்தில் உடைத்திருப்பார், அதோடு மற்ற எல்லா எண்ணும் சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும். லாரி டிரைவர், கிளீனர் நேரம் எந்த மஸ்டரிலும் வராது. அதைத் தாளின் அடியில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

பிறகு கடுமையைச் சேர்த்துப் பார்த்தேன். பிரஸ் ஷாப்பின் 41-இல் 22 எண்ணெய்த் தரையில் வழுக்கியது, 11 ஷீட் விளிம்பு கையைக் கிழிக்கப் பார்த்தது. "அ" என்று போட்டது மூன்றே மூன்று. டிஸ்பாட்சின் 18-இல் "அ" பன்னிரண்டு. வண்டி வகையில் 11, அந்தப் பதினொன்றும் `D-C7` பக்கம். நேரப் பத்தியைப் பார்த்தால் அவற்றில் ஏழு, மதியம் 1.45-க்கும் 2.15-க்கும் இடையில். ஏ ஷிஃப்ட் முடிந்து பி ஷிஃப்ட் தொடங்கும் நேரம் அது. கேன்டீனிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கையோடு ஷிஃப்ட் முடிவதற்குள் லாரியை அனுப்பிவிட வேண்டும் என்று ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது, நடுவில் பின் அடுக்கு. அந்த அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் அப்போதுதான் கிடைத்தது.

## 7. ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும் முன்

மாத வாரியாக என் எண்கள்: ஜனவரி 14, பிப்ரவரி 15, மார்ச் 43, ஏப்ரல் 19, மே 16, ஜூன் 14. மார்ச்சில் தொழிற்சாலை திடீரென்று மூன்று மடங்கு ஆபத்தாகிவிட்டதா? இல்லை. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். அந்த வாரம் "ஆளுக்கு ஒரு கார்டு" என்று போட்டி வைத்தோம். எண்ணிக்கை ஏறியது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கடுமை "அ" உள்ளதை மட்டும் தனியாக எண்ணுவது. உயிர் தப்பிய சம்பவத்தைப் போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓரளவுக்கு எழுதிவிடுவார்கள். எனக்கு அது 4, 5, 6, 5, 4, 5 என்று வந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மார்ச்சின் 43-இல் கூடியதில் பெரும்பாலும் கடுமை "இ".

சின்ன எண்களோடு இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். டிஸ்பாட்சில் ஏப்ரலில் 2, மே மாதம் 5. "இரண்டரை மடங்கு உயர்வு" என்று எழுதக் கை துறுதுறுக்கும். சராசரியாக மாதம் 3 வரும் இடத்தில் தற்செயலாகவே எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு ஒரு தோராய வழி: சராசரியின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி, சராசரியோடு கூட்டுங்கள். 3-இன் வர்க்கமூலம் 1.7, இரண்டால் பெருக்கினால் 3.4, கூட்டினால் 6.4. அதாவது ஒரு மாதத்தில் ஆறு வரை வந்தால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஏழு வந்தால் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்தையும் ஒப்பிடுவதைவிட மூன்று மாதத்தை மூன்று மாதத்தோடு ஒப்பிடுவது நல்லது.

பூஜ்யத்தையும் நம்பாதீர்கள். மூன்று ஷிஃப்ட்டில் சி ஷிஃப்ட்டிலிருந்து வந்தது 121-இல் ஆறே ஆறு. இரவில் ஆள் குறைவு என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். கார்டுப் பெட்டி சேஃப்டி அறைக்குள் இருந்தது, அறை பூட்டியிருந்தது. வெற்றுக் கார்டுக் கட்டும் உள்ளேதான். பெட்டியைத் தண்ணீர் குடிக்கும் இடத்துக்கு மாற்றினோம், டிஸ்பாட்சிலும் ஒன்று வைத்தோம். கேமரா கண்ணில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். ஐந்நூறு கார்டு புதிதாக அச்சடிக்க ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் ஆனது, கூடவே கயிறு கட்டிய பேனா.

## 8. கமிட்டிக்கு ஒரே ஒரு தாள்

முதல் கூட்டத்துக்கு நான் பதினெட்டு ஸ்லைடு கொண்டுபோனேன். இரண்டாவது கூட்டத்துக்கு ஏ4 ஒன்று. மேலே லேஅவுட் படம், அதில் ஒவ்வொரு "அ" சம்பவத்துக்கும் ஒரு புள்ளி. C7 பக்கம் புள்ளிகள் குவிந்து கிடப்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் இடத்துக்கு வகை என்ற அட்டவணை, விகிதத்தோடு. அடியில் பெயரில்லாமல் மூன்று கார்டுகளின் வார்த்தைகள்.

இதை ஒரு வாரம் முன்பே இரு தரப்புக்கும் கொடுங்கள். அபாயகரமான செய்முறை உள்ள தொழிற்சாலைகளுக்கு, பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 41ஜி பிரிவு, கமிட்டியில் தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்றது. ஆனால் நிர்வாகத் தரப்பு மட்டும் முன்பே தாளைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தச் சமம் பெயரளவில்தான் இருக்கும். தொழிலாளர் பிரதிநிதிகள் தாளோடு ஷாப்புக்குள் போய்ச் சரிபார்க்க அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

தாளில் கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். "ஃபோர்க்லிஃப்ட் பாதுகாப்பை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் மினிட்ஸில் அதே வரி திரும்பி வரும். நான் எழுதியது மூன்று: C7 தூணிலிருந்து பின் அடுக்கை அகற்றுவது, மதியம் 1.50 முதல் 2.15 வரை அந்த வாசலில் ஃபோர்க்லிஃப்ட் ஓடாமல் நிறுத்துவது, நடைபாதைக்கு இரும்புத் தடுப்பு போடுவது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரும் தேதியும். முதல் இரண்டும் பத்து நாளில் நடந்தன. இரண்டுக்கும் பணம் செலவில்லை. லாரி அனுப்பும் நேரத்தை மாற்ற மட்டும் டிஸ்பாட்சும் பிளானிங்கும் இரண்டு முறை உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. தடுப்பு மட்டும் மதிப்பீடு, ஒப்புதல் என்று இழுத்துக்கொண்டே போனது.

## 9. அடுத்த ஆறு மாதம் அதே தராசில்

அதே குறியீடு, அதே விதித்தாள். ஜூலை முதல் டிசம்பர் வரை `D-C7` வண்டி வகை 11-இலிருந்து 6 ஆனது. ஷிஃப்ட் மாறும் அரை மணி நேரத்தில் மட்டும் பார்த்தால் 7-இலிருந்து 1. மற்ற நேரத்தில் 4 இருந்தது 5 ஆகியிருந்தது. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் "பாதியாகக் குறைந்தது" என்று முடித்திருப்போம். பிரித்துப் பார்த்ததால்தான் அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தியது வேலை செய்தது, மற்ற நேரத்துக்குப் பின் அடுக்கை அகற்றியது மட்டும் போதவில்லை என்று தெரிந்தது. தடுப்புக்கான ஒப்புதல் அந்த ஐந்தைக் காட்டித்தான் வந்தது.

அதே காலத்தில் டிஸ்பாட்சில் விழும் பொருள் 5-இலிருந்து 9 ஆனது. மேனேஜர் கோபமாகக் கூப்பிட்டார். கார்டுகளை எடுத்துக் காட்டினேன். ஒன்பதில் ஆறு ஹிந்தியில் இருந்தன, எல்லாம் லோடிங் ஆட்கள் எழுதியவை. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அவர்களிடமிருந்து விழும் பொருள் பற்றி ஒரு கார்டும் வந்ததில்லை, ஏனென்றால் அங்கே பெட்டியே இல்லை. அந்த ஆறில் நாலு கார்டு ஒரே விஷயத்தைச் சொல்லின: லாரியின் பக்கத் தட்டியைத் திறக்கும்போது, வழியில் சாய்ந்திருந்த பின் வெளியே சரிகிறது. அடுத்த கூட்டத்தின் தாளில் முதல் வரி அதுதான்.